நான்கு புட்டிகளுக்கும் என்ன வேலை? கிராம் சாயமேற்றத்தில் ஒவ்வொரு வினைப்பொருளும்

நுண்ணுயிரியல் செய்முறைக் கையேட்டில் கிராம் சாயமேற்றம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹால் சில விநாடிகள், சாஃப்ரனின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. இடையிடையே தண்ணீரில் கழுவ வேண்டும். ஊதாவாகத் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ், சிவப்பாகத் தெரிந்தால் கிராம் நெகட்டிவ். வாய்மொழித் தேர்வில் "அயோடின் எதற்கு?" என்று கேட்டால் "நிறமூன்றி" என்ற விடை உடனே வரும். "அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று அடுத்து கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும்.

இந்த நான்கு திரவங்களில் மூன்று, இரு வகைப் பாக்டீரியாவையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடத்துகின்றன. வேறுபாடு வெளிப்படுவது ஆல்கஹால் படும் சில விநாடிகளில் மட்டும். அந்த விநாடிகளில் இரு வகையும் நிறத்தை இழக்கத்தான் செய்கின்றன. ஒன்று விரைவாகவும் மற்றொன்று மிக மெதுவாகவும் இழக்கிறது. மற்ற மூன்று வினைப்பொருள்களும் அந்த வேக வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரித்துத் தருவதற்காகவே வருகின்றன. இப்படிப் பார்த்தால் கையேட்டின் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கிடைக்கிறது. ஸ்லைடு எங்கே தவறியது என்பதையும் கண்டுபிடிக்க முடிகிறது.

குறையாகத் தோன்றிய ஒன்று

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லின் நகர மருத்துவமனையில் கார்ல் ஃபிரீட்லேண்டருடன் பணியாற்றிக்கொண்டிருந்தார். நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைப் பார்ப்பது அவருடைய வேலை. சாயம் ஏற்றினால் திசுவின் உட்கருக்களும் கிருமிகளும் ஒன்றாகவே நிறமேறின, எது கிருமி என்று பிரித்தறிய முடியவில்லை. ஜென்ஷியன் வயலெட் ஏற்றி, அயோடின் கரைசலில் இட்டு, பிறகு ஆல்கஹாலில் கழுவியபோது திசு நிறமிழந்தது, கிருமிகள் ஊதாவாக நின்றன. அவர் தேடியது கிடைத்துவிட்டது.

ஆனால் டைபாய்டு கிருமி போன்ற சில திசுவோடு சேர்ந்து நிறமிழந்துவிட்டன. கிராம் இதைத் தம் முறையின் குறையாகவே கருதினார். பாக்டீரியா உலகத்தையே இரண்டாகப் பிரிக்கும் கோடு அந்தக் குறைக்குள் இருந்தது. நிறமிழந்தவற்றுக்குச் சிவப்பு தரும் சாஃப்ரனின் படியைப் பின்னர் சேர்த்தவர் கார்ல் வைகர்ட். இன்றைய கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் கிரிஸ்டல் வயலெட் கரைசல் பெரும்பாலும் 1921இல் ஹக்கர் திருத்தியமைத்த வடிவம்.

சாயத்துக்கு முன்: பூச்சும் சூடும்

ஸ்லைடில் ஒரு சொட்டு நீர் வைத்து, லூப்பில் மிகச் சிறிதளவு வளர்ப்பை எடுத்து மெல்லியதாகப் பரப்பி, காற்றில் உலரவிட்டு, சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டுகிறோம். சூட்டில் செல்லின் புரதம் உறைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டாவிட்டால் அடுத்தடுத்த கழுவல்களில் பூச்சே போய்விடும்.

இந்தப் படியிலேயே முடிவு கெட்டுப்போகலாம். ஸ்லைடு புறங்கையில் தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் போனால் செல் சுவர் சிதைகிறது. அப்போது கிராம் பாசிட்டிவ் செல்லும் ஊதாவை விட்டுவிட்டுச் சிவப்பாகிவிடும். பூச்சு தடிமனாக இருந்தால் இதற்கு நேர்மாறு. அடுக்கடுக்காகக் கிடக்கும் செல்களுக்குள் ஆல்கஹால் உரிய நேரத்தில் எட்டாது, கிராம் நெகட்டிவ் செல்லும் ஊதாவாகவே நின்றுவிடும். மருத்துவமனை ஆய்வகங்கள் பலவற்றில் சூட்டுக்குப் பதிலாக மெத்தனாலில் நிலைநிறுத்துகிறார்கள். செல்லின் வடிவம் அதில் குறைவாகவே சிதைகிறது.

கிரிஸ்டல் வயலெட்: எல்லோருக்கும் ஒரே நிறம்

கிரிஸ்டல் வயலெட் ஒரு காரச் சாயம். நீரில் கரைந்ததும் அதன் குளோரைடு பிரிந்துபோகிறது, நிறமுள்ள பகுதி நேர்மின் அயனியாக நிற்கிறது. பாக்டீரியாவின் பரப்பிலும் உள்ளேயும் எதிர்மின் ஏற்றம் நிறைய உண்டு. கிராம் பாசிட்டிவ் சுவரிலுள்ள டெய்க்கோயிக் அமிலங்களிலும், கிராம் நெகட்டிவ் செல்லின் வெளிச்சவ்வுக் கொழுப்புச் சர்க்கரைகளிலும், இரண்டிலுமுள்ள நியூக்ளிக் அமிலங்களிலும் இருக்கும் பாஸ்பேட்டுகள் சாயத்தை ஈர்த்துக்கொள்கின்றன. எனவே ஒரு நிமிடத்தில் இரு வகையும் ஊதாவாகின்றன. இங்கே எந்த வேறுபாடும் இல்லை, இருக்கவும் கூடாது. இரண்டும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டால்தான் பின்னால் வரும் வேகப் போட்டிக்குப் பொருள் உண்டு.

ஹக்கர் கரைசலில் 2 கிராம் சாயத்தை 20 மி.லி. 95 விழுக்காடு ஆல்கஹாலில் கரைக்கிறார்கள். 0.8 கிராம் அம்மோனியம் ஆக்சலேட்டை 80 மி.லி. வாலைவடிநீரில் தனியாகக் கரைத்து, இரண்டையும் கலந்து ஒரு நாள் வைத்து வடிகட்டுகிறார்கள். சாயத்தை முழுமையாகக் கரைப்பதற்காக ஆல்கஹால். சாயம் படிந்துபோகாமல் கரைசல் நெடுநாள் நிலைத்திருக்க ஆக்சலேட். வடிகட்டாத பழைய புட்டியிலிருந்து வரும் சாயப் படிகங்கள் நுண்ணோக்கியில் கரிய ஊதா ஊசிகளாகவும் துகள்களாகவும் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் அவற்றைக் கிராம் பாசிட்டிவ் கோளங்கள் என்று எழுதிவிடுவது உண்டு. கோளங்களுக்கு அளவு ஒரே சீராக இருக்கும், துகள்களுக்கு இருக்காது.

அயோடின்: வெளியேறுவதைக் கடினமாக்குவது

கிரிஸ்டல் வயலெட் மூலக்கூறு சிறியது. எளிதாகச் சென்றது போலவே எளிதாகத் திரும்பியும் வந்துவிடும். ஆல்கஹால் பட்டால் இரு வகைச் செல்லிலிருந்தும் வேகமாகக் கழன்றுவிடும், இரண்டுக்கும் இடையிலுள்ள கால இடைவெளி நடைமுறையில் பயன்படாத அளவுக்குச் சுருங்கிவிடும். அயோடின் இந்த இடைவெளியைத்தான் விரிக்கிறது.

அயோடின் தனியாக நீரில் மிகக் குறைவாகவே கரையும். அதனால்தான் புட்டியில் பொட்டாசியம் அயோடைடும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூவயோடைடு அயனியாகின்றன, அது நீரில் கரையும். வழக்கமான அளவு 1 கிராம் அயோடின், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 300 மி.லி. நீர். தயாரிக்கும்போது முழு நீரையும் ஒரேயடியாக ஊற்றினால் அயோடின் அடியில் கிடந்துகொண்டே இருக்கும். இரண்டையும் கல்வத்தில் சேர்த்து அரைத்து, சில மி.லி. நீரில் முதலில் கரைத்து, பிறகு மீதி நீரைச் சேர்ப்பார்கள். அடர்ந்த அயோடைடு கரைசலில்தான் அயோடின் விரைந்து கரையும்.

ஸ்லைடில் ஊற்றியதும் எதிர்மின் ஏற்றமுள்ள அயோடின் அயனி, நேர்மின் ஏற்றமுள்ள சாயத்தோடு சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகிறது. அது நீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். இந்தக் கூட்டுப்பொருள் செல்லுக்குள்ளேயே உருவாவதுதான் முக்கியம். தனித்தனியாக நுழைந்த இரண்டு, உள்ளே சேர்ந்து பெரிதாகிவிட்டன. இனி வெளியேற வேண்டுமானால் ஆல்கஹாலில் கரைந்து, சுவரின் இடுக்குகள் வழியாக நெருக்கிக்கொண்டுதான் வர வேண்டும். துணிச் சாயத்தில் நிறமூன்றி சாயத்தை நூலோடு பிணைக்கிறது. இங்கே அயோடின் சாயத்தைச் சுவரோடு பிணைப்பதில்லை, அதன் உருவத்தைப் பெரிதாக்கி வழியை அடைக்கிறது. நிறமூன்றி என்ற ஒரே விடையோடு நின்றுவிட்டால் இந்த நுணுக்கம் நழுவிவிடும்.

அயோடின் ஆவியாகும் பொருள். திறந்து திறந்து மூடிய புட்டியில் அடர்பழுப்பு நிறம் வெளிறி மஞ்சளாகிவிட்டால் உள்ளே போதிய அயோடின் இல்லை என்று பொருள். அந்தப் புட்டியால் செய்த ஸ்லைடில் ஸ்டெஃபைலோகாக்கஸ்கூடச் சிவப்பாகும். ஆல்கஹாலைக் குறை சொல்வதற்கு முன்னால் அயோடின் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

ஆல்கஹால்: தீர்ப்பு வழங்கும் சில விநாடிகள்

கிராம் பாசிட்டிவ் செல்லின் பெப்டிடோகிளைக்கான் சுவர் ஏறத்தாழ 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன் உள்ளது. பல அடுக்குகள், இடையிடையே குறுக்குப் பிணைப்புகள். கிராம் நெகட்டிவ் செல்லில் அந்தப் படலம் சில நானோமீட்டர் மட்டுமே. அதற்கு வெளியே கொழுப்பு மிகுந்த வெளிச்சவ்வு ஒன்று உண்டு.

95 விழுக்காடு ஆல்கஹால் இந்த இரண்டின் மீதும் இரண்டு விதமாகச் செயல்படுகிறது. தடித்த சுவரிலிருந்து அது நீரை உறிஞ்சுகிறது. சுவர் சுருங்கி இடுக்குகள் குறுகுகின்றன, பெரிதாகிவிட்ட சாய-அயோடின் கூட்டுப்பொருள் உள்ளே மாட்டிக்கொள்கிறது. மெல்லிய சுவருள்ள செல்லில் ஆல்கஹால் வெளிச்சவ்வின் கொழுப்பைக் கரைத்து வழி திறந்துவிடுகிறது. மிஞ்சும் மெல்லிய படலம் சுருங்கினாலும் தடுக்கும் அளவுக்கு அதில் பொருள் இல்லை. ஊதா கழுவப்பட்டு வெளியேறுகிறது.

இந்த விளக்கத்துக்கு நேரடிச் சான்று 1983இல் கிடைத்தது. பெவரிட்ஜும் டேவிஸும் அயோடினுக்குப் பதிலாக ஒரு பிளாட்டினச் சேர்மத்தைப் பயன்படுத்தினார்கள். சாயத்தோடு சேர்வதில் அது அயோடினைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் பிளாட்டினம் கனமான உலோகம் என்பதால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கருமையாகத் தெரியும். பாசில்லஸ் சப்டிலிஸ் செல்லில் ஆல்கஹாலுக்குப் பிறகும் கூட்டுப்பொருள் உள்ளேயே நின்றதைக் காண முடிந்தது. ஈ. கோலையில் வெளிச்சவ்வு சிதைந்து அது வெளியேறியிருந்தது. ஆயினும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஒளிச்சிதறலை வைத்துச் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, கிரிஸ்டல் வயலெட் உட்சவ்வைத் தாண்டி சைட்டோபிளாசத்துக்குள் போவதே இல்லை, சுவர்ப்பகுதியிலேயே தங்குகிறது என்று வாதிட்டது. சாயம் செல்லின் எந்த அறையில் சிக்குகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சிக்கவைப்பது சுவர் என்பதில் இல்லை.

சுவரின் பங்கை வேறு இரண்டு வழிகளிலும் சரிபார்க்கலாம். கிராம் பாசிட்டிவ் செல்களை நசுக்கி உடைத்துவிட்டுச் சாயமேற்றினால் அவை ஊதாவைப் பிடித்துவைப்பதில்லை. ஈஸ்ட்டின் சுவரிலோ பெப்டிடோகிளைக்கானே கிடையாது. ஆனால் சுவர் தடித்தது, உடையாதது. ஈஸ்ட் ஊதாவாகவே நிற்கிறது. ஆக இந்தச் சோதனை பெப்டிடோகிளைக்கானின் வேதியியலைவிட, தடித்து முழுமையாக இருக்கும் சுவரின் தடுப்பாற்றலைத்தான் அளக்கிறது.

நேரம் இங்கே மிக நெருக்கமானது. ஆல்கஹாலை நீட்டித்தால் தடித்த சுவரும் கடைசியில் சாயத்தை விட்டுவிடும். 95 விழுக்காடு ஆல்கஹால் மெதுவாக வேலை செய்யும், அசிட்டோன் மிக வேகமாக, இரண்டையும் சமமாகக் கலந்தால் நடுத்தரமாக. அசிட்டோனில் ஓரிரு விநாடி தவறினாலே ஸ்லைடு கெடும். ஆகவேதான் மாணவர் ஆய்வகத்தில் ஆல்கஹாலையே வைக்கிறார்கள். கையேட்டில் 10 விநாடி என்றோ 20 விநாடி என்றோ எழுதியிருப்பது ஒரு வழிகாட்டல் மட்டுமே. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழிந்து இறங்கும் சொட்டில் ஊதா நின்றுவிட்டதும் உடனே தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீருக்கும் வேலை இருக்கிறது. மிச்ச ஆல்கஹால் தொடர்ந்து சாயத்தை இழுக்காமல் நிறுத்துவது அதுதான்.

சாஃப்ரனின்: நிறமிழந்ததைக் காட்டுவது

ஆல்கஹாலுக்குப் பிறகு கிராம் நெகட்டிவ் செல்கள் நிறமற்றுக் கிடக்கின்றன. பிரகாசமான ஒளியில் அவை கண்ணுக்குத் தப்பிவிடும். சாஃப்ரனினும் ஒரு காரச் சாயம்தான். அது இரு வகைச் செல்லிலும் ஒட்டுகிறது, ஆனால் ஊதாவின் அடர்த்தியில் மங்கிவிடுகிறது. வெறுமையான செல்லில் மட்டும் சிவப்பு தெரிகிறது. முதற்சாயத்தைவிட வெளிர்ந்ததாகவும் வேறு நிறமாகவும் இருப்பதால்தான் இந்த இடத்துக்கு அது பொருந்துகிறது. கூடுதல் நேரம் விட்டால், அதே மின்னேற்றமுள்ள சாஃப்ரனின் ஊதாவை மெல்ல இடம்பெயர்க்கவும் கூடும்.

லீஜியோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்றவை சாஃப்ரனினை மிகக் குறைவாகவே ஏற்கின்றன. அவற்றை எதிர்பார்க்கும் இடங்களில் அடர்ந்த நிறம் தரும் பேசிக் ஃபுக்சினை எதிர்ச்சாயமாக வைப்பது அதனால்தான்.

ஒவ்வொன்றையும் விட்டுவிட்டால்

ஒரே ஸ்லைடில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் ஈ. கோலையும் கலந்து பூசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது கோளம், இரண்டாவது கோல். வடிவமே அடையாளம் சொல்லிவிடும். எல்லாப் படிகளும் சரியாக நடந்தால் ஊதாக் கோளங்களும் சிவப்புக் கோல்களும் தெரியும்.

கிரிஸ்டல் வயலெட்டை மறந்துவிட்டால் இரண்டும் சிவப்பு. ஏற்றாத ஊதாவை யாரும் பிடித்துவைக்க முடியாது. அயோடினை மறந்தாலும் பெரும்பாலும் இரண்டும் சிவப்பு. ஊதா ஏறியது, ஆனால் தங்கவில்லை. ஆல்கஹாலை மறந்தால் இரண்டும் ஊதா. சாஃப்ரனினை மறந்தால் ஊதாக் கோளங்கள் மட்டும் தெரியும், கோல்கள் இல்லாதது போலிருக்கும். இரண்டும் சிவப்பாக வந்த ஸ்லைடுக்கு மூன்றாவது காரணம் ஆல்கஹால் மிகுந்துபோனது. ஆக "எல்லாம் சிவப்பு" என்ற ஒரே காட்சிக்கு மூன்று வேர்கள். எது என்று அறியப் புட்டிகளையும் நேரத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மறு ஸ்லைடு போடுவதைத் தவிர வழியில்லை.

அமிலம் தாங்கும் கிருமி: அதே கணக்கு, வேறு பொருள்கள்

காசநோய்க் கிருமியின் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுப் பொருள் நிறைந்திருக்கிறது. கிராம் சாயம் அதற்குள் சரியாகப் போவதே இல்லை. எனவே சீல்-நீல்சன் முறையில் முதல் சிக்கலே உள்ளே நுழைவது. கார்பால் ஃபுக்சினில் உள்ள ஃபீனால், மெழுகுக்குள் சாயம் கலந்து செல்ல உதவுகிறது. ஸ்லைடை அடியிலிருந்து ஆவி எழும் வரை சூடாக்கி ஐந்து நிமிடம் விடுவது மெழுகை இளக்குவதற்காக. கொதிக்கவிடக் கூடாது, சாயம் உலர்ந்தால் படிகங்கள் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் மெழுகு இறுகிச் சாயத்தை உள்ளே அடைத்துவிடுகிறது.

இங்கே நிறநீக்கி ஆல்கஹாலைவிட வலுவானது. இந்தியக் காசநோய்த் திட்டத்தின் சளிப் பரிசோதனையில் 25 விழுக்காடு கந்தக அமிலம் பயன்படுகிறது. வேறு சில ஆய்வகங்களில் 3 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த ஆல்கஹால் உண்டு. சாதாரணப் பாக்டீரியாவும் சளியிலுள்ள செல்களும் ஃபுக்சினை விட்டுவிடுகின்றன, காசநோய்க் கிருமி விடுவதில்லை. தொழுநோய்க் கிருமி அந்த அளவுக்கு வலுவாகப் பிடித்துவைப்பதில்லை. அதனால் அதற்கு 5 விழுக்காடு கந்தக அமிலம். நிறநீக்கியின் வலு, பார்க்கப்போகும் கிருமியின் பிடிமானத்தை ஒட்டியே தீர்மானிக்கப்படுகிறது. எதிர்ச்சாயமான மெத்திலீன் நீலம், சிவப்புக் கிருமிக்குப் பின்னால் நீலத் தளம் தருகிறது.

ஒரு ஸ்லைடைத் துப்பறிதல்

பாசில்லஸ் என்று எதிர்பார்க்கும் ஒரு வளர்ப்பைச் சாயமேற்றினால் ஊதாக் கோல்களும் சிவப்புக் கோல்களும் கலந்து தெரிகின்றன என்று கொள்வோம். மூன்று விளக்கங்கள் சாத்தியம்: இரு கிருமிகள் கலந்திருக்கலாம், ஆல்கஹால் மிகுந்திருக்கலாம், அல்லது வளர்ப்பு பழையதாக இருக்கலாம்.

முதலில் அதே ஸ்லைடின் ஓரத்தில் பூசிய ஸ்டெஃபைலோகாக்கஸையும் ஈ. கோலையையும் பார்க்க வேண்டும். கோளங்கள் ஊதாவாகவும் ஈ. கோலை சிவப்பாகவும் இருந்தால் நிறநீக்கம் சரியாகவே நடந்திருக்கிறது. ஆல்கஹால் குற்றவாளி இல்லை. அடுத்து சிவப்புக் கோல்களின் உருவம். ஊதாக் கோல்களின் அதே நீளம், அதே அகலம், சில சங்கிலிகளில் ஒரு கோல் ஊதா, பக்கத்துக் கோல் சிவப்பு என்று இருந்தால் அவை ஒரே இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு வளர்ப்புத் தட்டின் தேதி. 48 மணி நேரம் ஆனதாக இருந்தால் காரணம் ஏறக்குறைய கிடைத்துவிட்டது. பாசில்லஸ், கிளாஸ்டிரிடியம் போன்றவற்றில் வயதான செல்கள் தம் சுவரைத் தாமே சிதைக்கத் தொடங்குகின்றன. சுவர் முழுமையாக இல்லாவிட்டால் அயோடின் எவ்வளவு பெரிய கூட்டுப்பொருளைக் கட்டினாலும் நிற்காது.

அப்போது 18 மணி நேர வளர்ப்பிலிருந்து புதிய ஸ்லைடு போட வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கோல்களும் ஊதாவானால் விளக்கம் உறுதி. சாயத்தைச் சாராத இன்னொரு சோதனையும் உண்டு. 3 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் வளர்ப்பைக் கலக்கி, லூப்பை மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். கிராம் நெகட்டிவ் செல்கள் காரத்தில் உடைந்து டி.என்.ஏ. வெளியேறுவதால் கலவை கொழகொழத்து நூலாக இழுபடும். கிராம் பாசிட்டிவ் செல்கள் பெரும்பாலும் உடைவதில்லை, நூலும் வராது. இங்கேயும் அளக்கப்படுவது சுவரின் தாங்குதிறன்தான்.

முடிவு எதைச் சொல்கிறது

மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே இல்லை. அது சிவப்பாகத் தெரிந்தாலும் அதற்கு வெளிச்சவ்வு உண்டு என்று அர்த்தமில்லை. சுவர் கட்டுமானத்தைக் கெடுக்கும் பெனிசிலின் போன்ற மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் நோயாளியின் மாதிரியில் கிராம் பாசிட்டிவ் கோளங்கள் சிவப்பாகத் தெரியக்கூடும். இந்தச் சோதனை ஒரு கிருமியின் இனத்தை நேரடியாகச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அதன் சுவர், குறிப்பிட்ட நிறநீக்கியை எவ்வளவு நேரம் தாங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகையால் செய்முறைக் குறிப்பேட்டில் கிராம் பாசிட்டிவ் என்று மட்டும் எழுதி நிறுத்துவது பாதி முடிவு. வளர்ப்பின் வயது, பயன்படுத்திய நிறநீக்கி, அது பட்ட நேரம், பக்கத்தில் வைத்த கட்டுப்பாட்டுக் கிருமிகள் காட்டிய நிறம் ஆகிய நான்கையும் அதோடு சேர்த்து எழுதினால்தான் அந்த முடிவை இன்னொருவர் நம்ப முடியும், தவறியிருந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியும்.